நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஐந்து டிகிரி

பென்சீன் வளையத்தில் ஓர் அமினோ தொகுதி (-NH2) ஒட்டியிருந்தால் அது அனிலீன். அதைப் பனிக்கட்டிக் குளிரில் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்த்தால், அமினோ தொகுதி இருந்த இடத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் நேர்மின்சுமையோடு வந்து உட்காருகின்றன. இப்படிப் பிறப்பதுதான் பென்சீன் டையசோனியம் குளோரைடு. குளிரில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், வெப்பம் ஏறினால் சிதையும், உலர்த்தினால் வெடிக்கும். சேமித்துவைக்க முடியாத இந்தப் பொருளிலிருந்துதான் பீனால், குளோரோபென்சீன், அயோடோபென்சீன், பென்சோநைட்ரைல் ஆகியவற்றையும் எண்ணற்ற சாயங்களையும் வேதியியலர்கள் எடுக்கிறார்கள்.

இதன் பயனும் ஆபத்தும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. நைட்ரஜன் வாயு மிக நிலையான மூலக்கூறு. அதனால் வளையத்தில் தொற்றிக்கொண்டிருக்கும் அந்த இரட்டை நைட்ரஜன், வாயுவாகப் பிரிந்து போகவே முனைகிறது. மீதைல் அமீன், எத்தில் அமீன் போன்ற வளையமில்லாத அமீன்களில் இந்தப் பிரிவு உடனே நடந்துவிடுகிறது; பூஜ்ஜிய டிகிரியில்கூட டையசோனியம் நிற்பதில்லை, குமிழ்கள்தான் கிளம்புகின்றன. அரோமேட்டிக் அமீன்களில் மட்டும் பென்சீன் வளையம் தன் எலக்ட்ரான்களில் ஒரு பங்கை நைட்ரஜனின் நேர்மின்சுமைக்குக் கொடுத்து, பிணைப்பைச் சற்று இறுக்கிப் பிடிக்கிறது. நைட்ரஜன் கிளம்பத்தான் போகிறது, ஆனால் தாமதமாகிறது. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்தத் தாமதம் மணிக்கணக்கில் நீள்கிறது. டையசோனிய வேதியியல் முழுவதும் அந்த இடைவெளிக்குள் நடக்கும் வேலை.

இதை முதலில் கண்டவர் யோகான் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர். 1858இல் மார்பர்க்கில், கோல்பெயின் ஆய்வகத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். அமினோ தொகுதியை நைட்ரஸ் அமிலத்தால் நீக்கி அந்த இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதியைப் பொருத்துவது அப்போதே தெரிந்த வழி. பிக்ராமிக் அமிலம் என்ற நைட்ரோ சேர்மத்தின் ஆல்கஹால் கரைசலில் நைட்ரஸ் வாயுக்களைக் குளிரில் செலுத்தியபோது, எதிர்பார்த்த பொருள் கிடைக்கவில்லை. நைட்ரஜன் போவதற்குப் பதிலாக இன்னொரு நைட்ரஜனும் உள்ளே வந்திருந்தது. குளிரில் செய்ததால்தான் இடைநிலைப் பொருள் தப்பியது. கிரீஸ் பின்னர் இங்கிலாந்து போய், பர்ட்டன் நகரின் ஆல்சோப் பீர் ஆலையில் 1862 முதல் 1888இல் இறக்கும்வரை வேதியியலராக இருந்தார். பகலில் ஆலைக் கணக்கும் மிச்ச நேரத்தில் டையசோ சேர்மங்களுமாக அவர் வாழ்க்கை கழிந்தது. பிற்காலச் சாயத் தொழிலின் பெரும்பகுதிக்கு அந்த மிச்ச நேர வேலையே அடித்தளமாயிற்று.

அனிலீனிலிருந்து டையசோனியம் செய்யும் முறை எளியது, ஆனால் ஒவ்வொரு அடியிலும் தவற இடமுண்டு. 9.3 கிராம் அனிலீனை எடுத்துக்கொள்ளலாம். இது ஒரு மோலில் பத்தில் ஒரு பங்கு. அதைச் சுமார் 25 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அதே அளவு நீரும் கலந்த கரைசலில் கரைத்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் குளிரவிட வேண்டும். அனிலீன் ஹைட்ரோகுளோரைடு படிகமாக வந்தால் கவலையில்லை, வினை நடக்க நடக்க அது கரைந்துவிடும். இன்னொரு குவளையில் 7 கிராம் சோடியம் நைட்ரைட்டைக் கொஞ்சம் நீரில் கரைத்து அதையும் குளிரவைக்க வேண்டும். நைட்ரஸ் அமிலத்தைப் புட்டியில் வாங்கிவைக்க முடியாது, அது தானே சிதைந்துவிடும். அதனால் நைட்ரைட் கரைசல் அமிலத்தில் விழும் அந்தக் கணத்தில் அது குவளைக்குள்ளேயே உருவாகி, அங்கேயே செலவாகிறது. நிகர வினை இது:

C6H5NH2 + 2 HCl + NaNO2 → C6H5N2Cl + NaCl + 2 H2O

சமன்பாட்டில் அமிலம் இரண்டு மோல்தான் கேட்கிறது. ஆனால் மேலே சொன்ன அளவில் ஏறக்குறைய மூன்று மோல் இருக்கிறது. அந்த உபரி வீண் அல்ல. அமிலம் குறைந்தால் வினைபுரியாத அனிலீன் கரைசலில் சும்மா இருப்பதில்லை. புதிதாகப் பிறந்த டையசோனியத்தையே போய்த் தாக்கி, டையசோஅமினோபென்சீன் என்ற மஞ்சள் பொருளாக மாறிவிடும். தெளிவாக இருக்க வேண்டிய கரைசலில் மஞ்சள் வீழ்படிவு தென்பட்டால், அமிலம் போதவில்லை என்று அர்த்தம். போதிய அமிலம் இருந்தால் அனிலீன் ஏறக்குறைய முழுவதும் அதன் உப்பாகப் பூட்டப்பட்டிருக்கும், டையசோனியத்தைத் தாக்க அதற்குத் தனி எலக்ட்ரான் இணை இருக்காது.

நைட்ரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், இடைவிடாமல் கலக்க வேண்டும், வெப்பமானி 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. இது வெப்பம் உமிழும் வினை. வெளித் தொட்டிக் குளிர் போதாவிட்டால் பனிக்கட்டித் துண்டுகளைக் கரைசலுக்குள்ளேயே போடலாம், நீர் கூடுவதால் கெடுதல் இல்லை. அவசரப்பட்டு ஊற்றினால் பழுப்பு நிற நைட்ரஜன் ஆக்சைடுப் புகை கிளம்பும். அமீனுக்குப் போக வேண்டிய நைட்ரைட் காற்றில் போய்விட்டது என்பதற்கு அதுவே சாட்சி. வெப்பம் கூடிவிட்டால் முதலில் சிறு குமிழ்கள், பிறகு கார்பாலிக் அமிலத்தின் மருத்துவமனை வாசனை, கடைசியில் தார் போன்ற பழுப்புக் கசடு. குமிழ் நைட்ரஜன், வாசனை பீனால், கசடு, அந்தப் பீனாலும் மிச்சமுள்ள டையசோனியமும் ஒன்றோடொன்று இணைந்த குழப்பம்.

வினை முடிந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு ஸ்டார்ச்-அயோடைடு தாளை நம்பியிருக்கிறார்கள். கரைசலில் ஒரு சொட்டை அந்தத் தாளில் வைத்தால், மிச்ச நைட்ரஸ் அமிலம் அயோடைடை அயோடினாக்கும். அயோடின் ஸ்டார்ச்சோடு சேர்ந்து கருநீலமாகும். சொட்டு விழுந்த உடனே நீலம் வந்தால் நைட்ரைட் போதும். கொஞ்சம் கழித்து வரும் நீலத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது, அமிலமும் காற்றும் சேர்ந்தே தாளை மெல்ல நீலமாக்கும். முடிவை நெருங்கும்போது வினை மெதுவாகும் என்பதால், கடைசிச் சொட்டுகளுக்குப் பின் மூன்று நான்கு நிமிடம் பொறுத்துச் சோதிப்பதே சரி. நைட்ரைட் மிஞ்சினால் அடுத்த கட்டத்தில் வேண்டாத பொருள்களை உண்டாக்கும். அதைச் சிறிது யூரியா அல்லது சல்ஃபாமிக் அமிலம் போட்டு நைட்ரஜனாக வெளியேற்றிவிடுகிறார்கள்.

எல்லா அமீன்களும் அனிலீன் போல நடப்பதில்லை. பாரா-நைட்ரோஅனிலீன் மிக வலுக்குறைந்த காரம். குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் கரையவே கரையாது. அதைச் சூடான அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டிமேல் சட்டென்று கொட்டி மிக நுண்ணிய படிகமாக்கி, நைட்ரைட்டையும் ஒரே வீச்சில் சேர்க்கிறார்கள். அனிலீனுக்குச் சொன்ன நிதானம் இங்கே தவறாகிவிடும். மெல்ல ஊற்றினால் மஞ்சள் டையசோஅமினோ சேர்மம் முந்திக்கொள்ளும்.

கிடைத்த கரைசலை வடிகட்டிக் காயவைத்துப் பொடியாக எடுக்கலாமே என்று தோன்றக்கூடும். அதை மட்டும் செய்யக் கூடாது. உலர்ந்த டையசோனியம் குளோரைடு உராய்விலும் சூட்டிலும் வெடிக்கும். குவளையின் விளிம்பில் ஒட்டிக் காய்ந்த மெல்லிய படலம்கூட ஆபத்தானது. எனவே செய்த கரைசலைச் செய்த இடத்திலேயே, அன்றே பயன்படுத்துவது ஆய்வகத்திலும் ஆலையிலும் மாறாத வழக்கம்.

இனி இந்தக் கரைசல் இரண்டு வழிகளில் போகலாம். நைட்ரஜன் விலகி வேறொன்று அதன் இடத்துக்கு வரலாம், அல்லது நைட்ரஜன் இருந்தபடியே இன்னொரு மூலக்கூறோடு கைகோக்கலாம்.

முதல் வழியில் மிக எளியது, கரைசலை வெறுமனே சூடாக்குவது. நைட்ரஜன் போனதும் நீர் அந்த இடத்தைப் பிடிக்கும், பீனால் கிடைக்கும். வேண்டுமென்றே பீனால் செய்பவர்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதில் கந்தக அமிலத்தில் டையசோ ஆக்குகிறார்கள், குளோரைடு இருந்தால் அதுவும் இடத்துக்குப் போட்டியிடும். பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஊற்றினால் வேறு உதவி எதுவுமின்றி நைட்ரஜன் நுரைத்துக் கிளம்பி, அயோடோபென்சீன் கனமான எண்ணெயாக அடியில் படியும். பென்சீனில் அயோடினை நேரடியாக ஏற்றுவது கடினம் என்பதால் இது பெரிய வசதி.

குளோரினும் புரோமினும் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. அவற்றுக்கு வழி திறந்தது 1884இல். சூரிச்சில் விக்டர் மேயரின் ஆய்வகத்தில் இருந்த டிராகோட் சாண்ட்மேயர், டையசோனியத்தைத் தாமிர அசிட்டிலைடோடு சேர்த்து ஃபீனைல் அசிட்டிலீன் செய்யப் பார்த்தார். கிடைத்ததோ குளோரோபென்சீன். பலர் தோல்வி என்று கொட்டியிருக்கக்கூடிய குவளை அது. அவர் காரணத்தைத் தேடினார். வினையின்போது உருவான குப்ரஸ் குளோரைடுதான் குளோரினை வளையத்தில் சேர்த்திருக்கிறது என்று கண்டு, குப்ரஸ் குளோரைடை நேரடியாகவே சேர்த்துப் பார்த்தார். வினை சீராக நடந்தது. தாமிரம் இங்கே ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து நைட்ரஜனை விடுவிக்கிறது, பின் குளோரினை ஒப்படைக்கும்போது தன் எலக்ட்ரானைத் திரும்பப் பெறுகிறது. குப்ரஸ் புரோமைடு போட்டால் புரோமின், குப்ரஸ் சயனைடு போட்டால் நைட்ரைல். சயனைடு வேலையில் ஓர் எச்சரிக்கை உண்டு. டையசோனியக் கரைசல் அமிலமயமானது, அதை அப்படியே சயனைடில் ஊற்றினால் உயிரைக் குடிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். முதலில் சோடியம் கார்பனேட்டால் அமிலத்தைச் சமன் செய்த பிறகுதான் சேர்க்க வேண்டும். கிடைக்கும் நைட்ரைலை நீராற்பகுத்தால் பென்சாயிக் அமிலம் வரும். அமீனில் தொடங்கி ஒரு கார்பன் கூடிய அமிலத்தில் முடிகிற பாதை இது.

ஃபுளூரின் மட்டும் தாமிரத்துக்குக் கட்டுப்படவில்லை. 1927இல் பால்ஸும் ஷீமானும் வேறு வழி கண்டார்கள். கரைசலில் ஃபுளூரோபோரேட்டைச் சேர்த்தால் டையசோனியம் டெட்ராஃபுளூரோபோரேட் திண்மமாக வீழ்கிறது. டையசோனிய உப்புகளில் உலர்த்திக் கையாளத் தக்க சிலவற்றில் இது ஒன்று. மெல்லச் சூடாக்கினால் நைட்ரஜனும் போரான் டிரைஃபுளூரைடும் வெளியேற, ஃபுளூரோபென்சீன் மிஞ்சுகிறது.

இந்த வழியின் உண்மையான மதிப்பு ஒரு தொகுதியைப் போட்டு இன்னொன்றை எடுப்பதில் மட்டும் இல்லை. வேறெப்படியும் செய்ய முடியாத மூலக்கூறுகளை இது சாத்தியமாக்குகிறது. 1,3,5-டிரைபுரோமோபென்சீனை எடுத்துக்கொள்ளலாம்: வளையத்தின் ஆறு கார்பன்களில் ஒன்றுவிட்டு ஒன்றில் புரோமின். பென்சீனை நேரடியாகப் புரோமினேற்றினால் இது கிடைக்காது. முதலில் ஏறிய புரோமின், அடுத்து வருவதைத் தனக்குப் பக்கத்து இடத்துக்கோ நேரெதிர் இடத்துக்கோதான் அனுப்பும். ஒன்றுவிட்ட இடத்துக்கு விடாது.

அனிலீனிலிருந்து தொடங்கினால் கதை மாறுகிறது. அமினோ தொகுதி வளையத்தை அவ்வளவு கிளர்த்திவிடுவதால், வினையூக்கி எதுவுமின்றிப் புரோமின் நீரை ஊற்றிய உடனே மூன்று புரோமின்களும் 2, 4, 6 இடங்களில் ஏறி, வெள்ளை வீழ்படிவு குவளையை நிறைக்கும். 9.3 கிராம் அனிலீன் கணக்குப்படி 33 கிராம் டிரைபுரோமோஅனிலீன் தரும். அமினோ தொகுதிக்கு 2, 4, 6 என்றிருப்பவை, தமக்குள் ஒன்றுவிட்டு ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. இனி அமினோ தொகுதி போனால் போதும். மூன்று புரோமின்கள் எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதால் இந்த அமீன் நீர்த்த அமிலத்தில் கரையாது. அதனால் ஆல்கஹாலில் கரைத்து, அடர் கந்தக அமிலம் சேர்த்து, சோடியம் நைட்ரைட் பொடியைச் சிறிது சிறிதாகப் போட்டுச் சூடாக்குகிறார்கள். டையசோனியம் உருவாகி நைட்ரஜன் நுரைக்கும். காலியான இடத்துக்கு ஆல்கஹால் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டுத் தான் அசிட்டால்டிஹைடாக மாறும், அதன் நெடி மூக்கில் ஏறும். ஹைப்போபாஸ்பரஸ் அமிலத்தைக் கொண்டும் இதே நீக்கத்தைச் செய்யலாம். கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவது போல, புரோமின்களை உரிய இடத்தில் ஏற்றிவிட்டு அமினோ தொகுதி விலகிக்கொள்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தொடக்கப் பொருளும் முடிவுப் பொருளும் ஏறக்குறைய 120 டிகிரியில்தான் உருகுகின்றன. உருகுநிலையை மட்டும் பார்த்து வினை நடந்துவிட்டது என்று நம்பிவிட முடியாது. இரண்டையும் கலந்து உருக்கிப் பார்க்க வேண்டும். கிடைத்தது புதுப் பொருள் என்றால் கலவை இன்னும் தாழ்ந்த வெப்பத்தில், பரவலாக உருகும். பழைய பொருளே என்றால் உருகுநிலை அசையாது.

இரண்டாம் வழியில் நைட்ரஜன் போவதில்லை. டையசோனியம் நேர்மின்சுமை கொண்டதென்றாலும் வலுவான தாக்கி அல்ல, பென்சீனைத் தொடாது. எலக்ட்ரான் செறிந்த பீனால்களையும் அரோமேட்டிக் அமீன்களையும் மட்டுமே பிடிக்கும். பிடித்த இடத்தில் இரு வளையங்களையும் -N=N- என்ற பாலம் இணைக்கிறது. இரு வளையங்களின் எலக்ட்ரான்களும் பாலம் வழியே ஒரே தொடராகிவிடுவதால், சேர்மம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சத் தொடங்குகிறது, நிறம் பிறக்கிறது.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் அமீனைக் கண்டறியும் சாயச் சோதனை இதுவே. அனிலீனைப் பனிக்கட்டியில் டையசோ ஆக்கி, சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்த பீட்டா நாஃப்தாலை ஊற்றினால், சோதனைக் குழாயில் சட்டென்று செஞ்சாயம் திரளும். வளையமில்லாத அமீன் என்றால் குமிழ்கள் மட்டும் வரும், சாயம் வராது. சோதனை பிசகுவதும் உண்டு. அமிலம் மிகுந்து நாஃப்தால் கரைசலின் காரத்தை அது விழுங்கிவிட்டால் இணைப்பு நடக்காது, நாஃப்தாலுக்கு எதிர்மின்சுமை இருந்தால்தான் வேகம் வரும். காரம் மிதமிஞ்சினாலும் நடக்காது. டையசோனியம் டையசோட்டேட் என்ற சோம்பலான வடிவத்துக்கு மாறிவிடும். பீனால்களுக்கு மிதமான காரமும், அமீன்களுக்கு மிதமான அமிலமும் ஏற்றவை. அந்தச் சோதனைக் குழாயில் திரளும் பொருளுக்குத் தொழிற்பெயர் சூடான் I. உணவில் சேர்க்கத் தடைசெய்யப்பட்ட இதை மிளகாய்த்தூளில் நிறத்துக்காகக் கலந்தது தெரிந்து, 2005இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

இந்த வினையை இழைக்குள்ளேயே நடத்தலாம் என்று 1880இல் ஹடர்ஸ்ஃபீல்டின் ரீட் ஹாலிடே நிறுவனத்தார் காட்டினார்கள். பருத்தித் துணியை முதலில் நாஃப்தாலின் காரக் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, பிறகு குளிர்ந்த டையசோனியத்தில் முக்கினால், நீரில் கரையாத சாயம் இழையின் உள்ளே உருவாகி அங்கேயே சிறைப்படும். தொட்டியில் பனிக்கட்டி போட்டுச் செய்ததால் இவற்றுக்குப் பனிச் சாயங்கள் என்று பெயர் வந்தது. கைத்தறிச் சாயப்பட்டறைகளில் நாப்தால் சாயம் என்று வழங்குவது இந்த முறைதான். சாயக்காரர் டையசோ ஆக்கும் தொல்லைப்படாமலிருக்க, துத்தநாகக் குளோரைடு போன்றவற்றோடு நிலைப்படுத்திய டையசோனிய உப்புகள் பொடியாக விற்கின்றன.

சாயத்துக்கு வெளியிலும் இதே நிறமாற்றம் வேலை செய்கிறது. சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையின் நைட்ரைட் கட்டத்தில் ஓர் அரோமேட்டிக் அமீனும் ஓர் இணைப்புப் பொருளும் தயாராக இருக்கின்றன. சிறுநீர்ப் பாதையில் தொற்றிய பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றியிருந்தால், அந்த நைட்ரைட் அமீனை டையசோ ஆக்க, பட்டை இளஞ்சிவப்பாகிறது. இதன் மூல முறை கிரீஸுடையது. நைட்ரேட்டை மாற்றாத கிருமிகளும் உண்டு என்பதால், நிறம் வரவில்லை என்பது தொற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அசோ பாலத்துக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. ஒடுக்கினால் அது நடுவில் அறுந்து, இரு பக்கமும் அமீன்களாகப் பிரியும். மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் இதைச் செய்யும். சாயம் எந்த அமீனிலிருந்து செய்யப்பட்டதோ அந்த அமீன் இப்படி மீண்டும் வெளிப்படுவதால், பென்சிடினிலிருந்து செய்த சாயங்கள் ஆபத்தானவை; பென்சிடின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானது. ஜெர்மனி 1994இல் இத்தகைய சாயங்களைத் தடைசெய்தது, இந்தியாவும் 1990களில் 112 சாயங்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பின்னலாடைக்கு இன்று இந்தச் சோதனை கட்டாயம். துணித் துண்டைச் சூடான கரைசலில் சோடியம் டைதயோனைட்டால் ஒடுக்கி, பாலங்களை வேண்டுமென்றே அறுத்து, வெளிவரும் அமீன்களைப் பிரித்து அளக்கிறார்கள். பட்டியலிலுள்ள எந்த அமீனும் ஒரு கிலோ துணிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் சரக்கு ஏற்கப்படாது.